கூட்டுவதும் மறைப்பதும்: ஒரு புளிக்குழம்பின் சுவைக் கணக்கு

அடுப்பில் கத்திரிக்காய் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறோம். புளிப்பு தூக்கலாக இருக்கிறது. கால் டம்ளர் வெந்நீர் ஊற்றலாம், இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு வெல்லம் போடலாம். எதைச் செய்தாலும் அடுத்த முறை ருசி பார்க்கும்போது புளிப்பு அடங்கியிருக்கும்.

ஆனால் சட்டிக்குள் நடந்தது ஒன்றல்ல. வெந்நீர் ஊற்றியபோது ஒவ்வொரு கரண்டிக் குழம்பிலும் இருக்கும் அமிலம் உண்மையாகவே குறைந்தது. வெல்லம் போட்டபோது அமிலம் அப்படியே இருந்தது. அமிலத்தன்மையை அளக்கும் கருவியை வெல்லத்துக்கு முன்னும் பின்னும் குழம்பில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். குறைந்தது நாம் உணர்ந்த புளிப்பு மட்டும்தான்.

சமையலில் சுவையைச் சரிசெய்ய நாம் செய்யும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும். ஒரு வகை சட்டியில் இருக்கும் பொருளின் அளவை மாற்றுகிறது. மற்றொரு வகை அந்தப் பொருளை நாக்கும் மூளையும் உணரும் விதத்தை மாற்றுகிறது. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால், உப்பை எப்போது போடுவது, எதை முதலில் திருத்துவது, எதைத் திருத்தவே முடியாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். அதை ஒரு புளிக்குழம்பை வைத்தே பார்ப்போம். உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் அதில் ஓங்கியே நிற்கின்றன. இனிப்போ மறைந்திருந்து வேலை செய்கிறது.

நாக்கு எப்படி அறிகிறது

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று பழைய பாடநூல்களில் ஒரு வரைபடம் இருக்கும். 1901-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால் அது பரவியது. உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளையும் உணர முடியும். சுவைகள் வேறுபடுவது இடத்தால் அல்ல, அவற்றை அறியும் முறையால்.

உப்பின் சுவைக்கு முக்கியக் காரணம் சோடியம். குழம்பில் கரைந்த சோடியம் அயனிகள் சுவை செல்களில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே உள்ளே நுழையும்போது உப்பை உணர்கிறோம். அளவு மிகும்போது வேறொன்றும் நடக்கிறது. புளிப்பையும் கசப்பையும் அறியும் செல்களையும் மிகையான உப்பு தூண்டிவிடுகிறது என்று 2013-இல் எலிகளிடம் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. அளவான உப்பு இன்பமாகவும் அளவு கடந்த உப்பு வெறுப்பாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

புளிப்பு என்பது அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகளின் சுவை. அவை சுவை செல்லுக்குள் நுழையும் வழி எது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 2018-இல் அமெரிக்காவில் எமிலி லைமன் என்பவரின் குழு, ஓட்டோபெட்ரின் என்ற புரதக் குடும்பம் அந்த அயனிகளுக்கு வழிவிடுகிறது என்று கண்டறிந்தது. இனிப்பும் கசப்பும் இவ்வாறு உள்ளே நுழைவதில்லை. அவற்றின் மூலக்கூறுகள் செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பிகளில் வந்து ஒட்டிக்கொள்ள, அதன் விளைவாக உள்ளே சமிக்ஞை பிறக்கிறது.

காரம் இந்தக் கூட்டத்தில் சேராதது. அதை அறிவது சுவை மொட்டு அல்ல, சூட்டையும் வலியையும் அறியும் நரம்பு. மிளகாயில் உள்ள கேப்சைசின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். அதே ஏற்பிதான் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டையும் அறிகிறது. ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கண்டுபிடிப்பும் அதற்கு அடிப்படையாக இருந்தது. கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்த குழம்பு ஆறிய குழம்பைவிடக் காரமாக இருப்பது இதனால்தான். சூடும் மிளகாயும் ஒரே ஏற்பியை ஒரே நேரத்தில் தூண்டுகின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்துசேர்வதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்த மிளகில் உள்ள பைப்பரினும் இதே ஏற்பியைத்தான் தொடுகிறது.

இந்த வேறுபாடுகளிலிருந்து சமையலுக்கு உடனே பயன்படும் செய்தி ஒன்று உண்டு. உப்பும் புளிப்பும் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். காரம் தாமதமாக ஏறி, வெகுநேரம் தங்கும். முதல் நொடியில் காரம் போதவில்லை என்று முடிவு செய்து மிளகாய்த்தூளைத் தூவுகிறவர், அரை நிமிடம் பொறுத்திருந்தால் தூவியிருக்க மாட்டார்.

சுண்டும்போது சட்டியில் நடப்பது

நான்கு பேருக்கு ஒரு குழம்பு வைப்போம். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து 800 மில்லி புளிக்கரைசல் எடுத்துக்கொள்கிறோம். கத்திரிக்காய் 200 கிராம், வெங்காயம் பூண்டு எல்லாம் சேர்த்து 50 கிராம். எண்ணெயையும் தூள்களையும் விட்டுவிட்டால் சட்டியில் மொத்தம் 1,050 கிராம் இருக்கிறது. பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்து, குழம்பு பதமாக இறங்கும்போது அதில் 300 கிராம் நீர் ஆவியாகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 750 கிராம்.

போனது நீரும் கொஞ்சம் வாசனைப் பொருள்களும்தான். உப்பு ஆவியாகாது. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலமும் ஆவியாகாது. சர்க்கரையும் கேப்சைசினும் சட்டியிலேயே தங்கும். எனவே குழம்பு சுண்டச் சுண்ட இவை அனைத்தின் செறிவும் ஏறிக்கொண்டே போகும். கொதி வந்த புதிதில் சரியாக இருந்த எதுவும் இறக்கும்போது சரியாக இருக்காது.

இதை உப்பைக் கொண்டு கணக்கிடலாம். சோற்றில் பிசைந்து சாப்பிடும் குழம்புக்கு நூற்றுக்கு 1.3 பங்கு உப்பு நம் நாக்குக்குப் பொருந்தும் என்று கொள்வோம். இறக்கும்போது 750 கிராம் குழம்பில் அந்தச் செறிவு இருக்க ஏறத்தாழ 10 கிராம் உப்பு போதும். தூள் உப்பாக இருந்தால், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம் நிற்கும். ஆக ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகம். கல் உப்பில் இந்த அளவு செல்லாது. பருமனான கற்களுக்கு இடையே காற்று நிற்பதால் அதே கரண்டி வேறு எடையைத் தரும்.

ஒருவர் புளிக்கரைசல் ஊற்றியதுமே ருசி பார்த்து, அப்போதே நாக்குக்குச் சரியாக இருக்கும்படி உப்பு போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,050 கிராமுக்கு 1.3 பங்கு என்றால் கிட்டத்தட்ட 13.6 கிராம். அந்த உப்பு முழுவதும் கடைசியில் 750 கிராமுக்குள் நிற்கும். அப்போது செறிவு 1.8 பங்கு, குழம்பு கரிக்கும். அவர் ருசி பார்த்ததில் பிழையில்லை, ருசி பார்த்த நேரம்தான் பிழை.

அப்படியானால் எல்லா உப்பையும் கடைசியில் போட்டால் போதாதா? சட்டியில் திரவம் மட்டும் இருந்தால் போதும். கத்திரிக்காயும் இருப்பதால்தான் போதாது.

உப்பு உள்ளே போகும் வழி

பச்சைக் காயின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அது நீரை விடும், உப்பை எளிதில் விடாது. நறுக்கிய காயின் மேல் உப்பைத் தூவினால் உப்பு உள்ளே போகும் முன்பே உள்ளிருந்து நீர் வெளியே வந்துவிடுவது இதனால்தான். வெங்காயம் வதக்கும்போது போடும் ஒரு சிட்டிகை உப்பு செய்வதும் இதைத்தான். நீர் சீக்கிரம் வெளியேறி வெங்காயம் விரைவில் துவளும். ஆனால் அந்த நீர் வற்றும்வரை சிவக்காது. துவண்டால் போதும் என்றால் முதலிலேயே உப்பு போடலாம். முறுகச் சிவக்க வேண்டும் என்றால் பிறகு போடுவதே நல்லது.

காய் சூடேறி ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டும்போது இந்தச் சவ்வுகள் சிதைகின்றன. அதன்பின் உப்பு தடையில்லாமல் உள்ளே ஊடுருவும். ஆனாலும் மெதுவாகத்தான். ஊடுருவும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் என்பது இந்த விரவலின் இயல்பு. நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிய கத்திரிக்காயில் கொதிக்கும் நேரத்துக்குள்ளேயே உப்பு நடுவரை போய்விடும். முழுதாகக் கீறிப் போட்ட எண்ணெய்க் கத்திரிக்காயிலும் பெரிய உருளைக்கிழங்குத் துண்டிலும் போகாது. எல்லா உப்பையும் இறக்கும்போது போட்டால் குழம்பு சரியாக இருக்கும், காய் சப்பென்று இருக்கும். சாப்பிடுகிறவர் இரண்டையும் மாறி மாறி உணர்ந்து, உப்பு கூடவா குறைவா என்று சொல்லத் தெரியாமல் திணறுவார். மறுநாள் சுடவைத்த குழம்பு முதல் நாளைவிட நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம், இரவு முழுவதும் உப்பும் புளியும் காய்க்குள் ஊடுருவி உள்ளும் புறமும் சமமாகிவிடுவது.

எனவே உப்பை இரண்டு தவணையாகப் போடுவதுதான் பொருத்தம். நம் குழம்புக்குத் தேவையான 10 கிராமில் 6 கிராமை, அதாவது ஒரு டீஸ்பூனை, காய் வதங்கும்போதும் புளிக்கரைசல் ஊற்றும்போதுமாகப் பிரித்துப் போடுகிறோம். குழம்பு சற்றுக் கூடுதலாகச் சுண்டினாலும் இந்த அளவு கரிக்காது. முடிவில் 750 கிராமுக்கு 0.8 பங்குதான் வரும். காய்க்குள் போக வேண்டிய உப்பு போவதற்கும் நேரம் கிடைக்கிறது. மீதி 3, 4 கிராமைக் குழம்பு பதத்துக்கு வந்தபின், ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறோம்.

எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரியாத பொருளில் முதல் தவணையே வேண்டாம். கீரை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாணலி நிறையக் குவித்த முளைக்கீரை சில நிமிடங்களில் ஒரு கைப்பிடியாகிவிடும். குவியலைப் பார்த்துப் போட்ட உப்பு கைப்பிடிக் கீரையில் அப்படியே நிற்கும். கீரை சுருங்கியபின் உப்பு போட்டால் அதன் மெல்லிய இலைக்குள் அது நொடியில் பரவிவிடும். தாமதமாகப் போடுவதால் இழப்பு எதுவும் இல்லை.

பருப்பிலும் பயறிலும் உப்பை முதலில் போட்டால் வேகாது என்று பலரும் சொல்வதுண்டு. வேகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் உப்பு அல்ல, புளியும் கடினநீரும்தான். காயையும் பயறையும் இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் அவை மென்மையாகும். புளிப்பான நீரில் பெக்டின் எளிதில் கரையாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்திருக்கும் கால்சியம் பெக்டினை மேலும் இறுக்கிவிடும். உப்பில் உள்ள சோடியமோ அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இறுக்கத்தைத் தளர்த்துகிறது. கொண்டைக்கடலையை உப்பு நீரில் ஊறவைத்து வேகவைத்தால் தோல் மென்மையாக வேகும். சேப்பங்கிழங்கையும் பயறையும் தனியே வேகவைத்த பிறகு புளிக்கரைசலில் சேர்ப்பதும், கத்திரிக்காயை எண்ணெயில் முக்கால் பதம் வதக்கியபின் புளி ஊற்றுவதும் இந்தக் காரணத்தால்தான். அரைவேக்காட்டுக் காயில் புளியை ஊற்றிவிட்டால் அரை மணி நேரம் கூடுதலாகக் கொதித்தாலும் அது விறைப்பாகவே நிற்கும். அதற்குள் குழம்பும் சுண்டி உப்பும் ஏறிவிடும்.

ருசி பார்க்கும் முறை

உப்பை எடை போட்டுவிடலாம். புளியை அப்படிச் செய்ய முடியாது. ஒரே எடையுள்ள இரண்டு புளி உருண்டைகளில் அமிலமும் சர்க்கரையும் மரத்துக்கு மரம் வேறுபடும். குண்டு மிளகாய்க்கும் காஷ்மீர் மிளகாய்க்கும் உள்ள தூரம் இன்னும் பெரிது. அதனால் அளவுக்கரண்டி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கடைசி முடிவை நாக்குதான் எடுக்க வேண்டும். அந்த நாக்கு எளிதில் ஏமாறும் என்பதால் அதற்குச் சில வசதிகளைச் செய்துகொடுக்க வேண்டும்.

முதலாவது சூடு. கொதிக்கும் குழம்பை நேராக வாயில் வைத்தால் முதலில் தெரிவது சூடும் காரமும்தான், மற்ற சுவைகள் அதில் அமுங்கிவிடும். ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்து, சாப்பிடும் சூட்டுக்கு ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். இனிப்பு சூட்டோடு மிகவும் மாறக்கூடியது. இளஞ்சூட்டில் இருப்பதைவிடக் குளிரில் அது மங்கலாகத் தெரியும். குளிரவைத்துப் பரிமாறப் போகும் பாயசத்தைச் சூட்டில் ருசி பார்த்து முடிவு செய்தால் சர்க்கரை குறைந்துவிடும்.

இரண்டாவது களைப்பு. ஒரே சுவையைத் தொடர்ந்து வாயில் வைத்தால் நாக்கு அதற்குப் பழகிவிடும். ஐந்தாவது முறை ருசி பார்க்கும்போது குழம்பில் உப்பு மாறாமலே இருக்க, அதை உணரும் திறன் மட்டும் குறைந்திருக்கும். கேப்சைசினும் திரும்பத் திரும்பப் பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும். வெகுநேரம் அடுப்படியில் நின்று ருசி பார்த்தவர் கடைசியாகப் போடும் உப்பும் காரமும் அடிக்கடி கூடிப்போவது இதனால்தான். ஒவ்வொரு முறைக்கும் இடையே வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு நிமிடம் விட வேண்டும். முடிந்தால் கடைசி ருசியை அதுவரை பார்க்காத ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது சோறு. நம் வீடுகளில் பெரும்பாலும் உப்பில்லாமல்தான் சோறு வடிக்கிறோம். 100 கிராம் குழம்பை 200 கிராம் சோற்றில் பிசைந்தால் உப்பின் செறிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். புளிப்பும் காரமும் அப்படியே குறையும். எனவே வெறும் வாயில் மிகச் சரியாக இருக்கும் குழம்பு இலையில் சப்பென்று ஆகிவிடும். வெறும் வாயில் ஒரு படி தூக்கலாகத் தெரிவதுதான் சரியான குழம்பு. கிண்ணத்தில் நாலு பருக்கை சோற்றைப் போட்டுப் பிசைந்து பார்த்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை. ரசத்தைக் குடிக்கப் போகிறோமா, பிசையப் போகிறோமா என்பதைப் பொறுத்தும் அதன் உப்பு மாறும்.

எதை முதலில் திருத்துவது

குழம்பு பதத்துக்கு வந்துவிட்டது. ருசி பார்த்தால் ஏதோ குறைகிறது. எது என்று தெரியவில்லை. உப்பையும் புளிப்பையும் நாக்கு அடிக்கடி குழப்பிக்கொள்ளும். சிறிய அளவில் ஒன்று மற்றொன்றை ஏற்றிக்காட்டுவதே அதற்குக் காரணம். உப்பு போதாதபோது புளி குறைவதுபோலவும், புளி போதாதபோது உப்பு குறைவதுபோலவும் தோன்றும்.

இதற்குச் சட்டியில் சோதனை செய்ய வேண்டாம். இரண்டு சிறு கிண்ணங்களில் ஒவ்வொரு மேசைக்கரண்டி குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விரல் நுனியில் ஒட்டும் அளவு தூள் உப்பைக் கலக்குங்கள். மற்றொன்றில் சில சொட்டு கெட்டிப் புளிக்கரைசலை விடுங்கள். இரண்டையும் ருசி பார்த்தால் குறைந்தது எது என்று உடனே தெரியும். இரண்டும் மோசமாகிவிட்டால் சிக்கல் உப்பிலும் இல்லை, புளியிலும் இல்லை. குழம்பு இன்னும் கொதிக்க வேண்டியிருக்கலாம், அல்லது நீர் அதிகமாக இருக்கலாம்.

திருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் நீர். குழம்பு வேண்டிய பதத்துக்கு வரும்வரை எதையும் திருத்தக் கூடாது. சுண்டும்போது எல்லாம் மாறிவிடும். அடுத்தது உப்பு. உப்பு தன்னை மட்டும் காட்டுவதில்லை, கசப்பை அடக்கி மற்ற சுவைகளையும் வெளிக்கொண்டு வருகிறது. 1997-இல் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போசாம்பும் இனிப்புப் பொருளையும் கசப்புப் பொருளையும் ஒரே கரைசலில் கலந்து, அதில் சோடியம் உப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். கசப்பு அடங்கியது. அதுவரை கசப்பால் அமுங்கியிருந்த இனிப்பும் மேலே வந்தது. நம் குழம்பில் வெந்தயமும் கத்திரிக்காயின் கசப்பும் இருக்கின்றன. உப்பு சரியான அளவுக்கு வரும்வரை புளியின் உள்ளிருக்கும் இயல்பான இனிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் தெரியாது. உப்பைத் திருத்தும் முன் வெல்லம் போட்டவர், பின்னால் உப்பு சேர்த்ததும் குழம்பு தித்திப்பதைக் காண்பார்.

உப்புக்குப் பின் புளிப்பு. அதற்கும் பின்தான் இனிப்பு. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்கும். கால் டீஸ்பூன் வெல்லம் 750 கிராம் குழம்பில் இனிப்பாகத் தெரியாது, ஆனால் புளிப்பின் கூர்மையை மழுக்கிவிடும். இனிப்பு மற்றொரு சுவையை அடக்குவது பெரிதும் மூளையில் என்பதற்குக் கசப்பை வைத்துச் செய்த சோதனையில் நல்ல சான்று உண்டு. நாக்கின் ஒரு பாதியில் கசப்பையும் மறுபாதியில் மற்றொரு சுவையையும் தனித்தனியே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இனிப்பு எதிர்ப்பக்கத்தில் இருந்தபோதும் கசப்பை அடக்கியது. இரண்டும் நாக்கில் சந்திக்கவே இல்லை, மூளையில்தான் சந்தித்தன. உப்பு எதிர்ப்பக்கத்தில் இருந்தபோது கசப்பை அடக்கவில்லை. கசப்போடு கலந்து ஒரே இடத்தில் இருந்தால்தான் அடக்கியது. ஆக உப்பு கசப்பை நாக்கிலேயே தடுக்கிறது, இனிப்போ மூளையில் மறைக்கிறது.

மறைப்பது குற்றமில்லை, நல்ல சமையலில் பாதி அதுதான். ஆனால் மறைத்ததைக் குறைத்ததாக எண்ணிவிடக் கூடாது. வயிற்றில் அமிலத் தொல்லை உள்ள ஒருவருக்காகப் புளியைக் குறைக்க வேண்டுமென்றால் வெல்லத்தால் பயனில்லை, கரைசலைத்தான் குறைக்க வேண்டும்.

காரத்துக்கு இரண்டு வழியும் உண்டு. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். புளிக்குழம்பின் மேல் மிதந்துவரும் நல்லெண்ணெயில் சட்டியின் காரம் பெருமளவு கூடியிருக்கும். காரம் கூடிவிட்ட குழம்பில் அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் காரத்தின் ஒரு பகுதி உண்மையாகவே வெளியேறும். தேங்காய்ப்பால் ஊற்றினால் வேறொன்று நடக்கும். காரம் சட்டியிலேயேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி கொழுப்புத் துளிகளுக்குள் புகுந்துகொள்வதால் நாக்கில் உள்ள ஏற்பிக்கு மெதுவாகவும் குறைவாகவும் வந்துசேர்கிறது. உறைக்கும்போது தண்ணீர் குடிப்பதைவிடத் தயிரோ பாலோ உதவுவதற்கும் ஓரளவு இதுவே காரணம். பாலில் உள்ள கேசீன் என்ற புரதமும் கேப்சைசினைப் பற்றிக்கொள்கிறது.

புளிப்பைச் சேர்க்கும் நேரம் எந்தப் புளிப்பு என்பதைப் பொறுத்தது. புளிக்குப் பச்சை வாசனை போகக் கொதி வேண்டும். அதன் அமிலம் கொதியில் போகாது என்பதால் முன்பே சேர்ப்பதில் இழப்பு இல்லை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் கொதியில் போகாது, ஆனால் அதன் மணம் போய்விடும். எலுமிச்சை ரசத்தில் அடுப்பை அணைத்தபின் சாறு பிழிவது மணத்தைக் காப்பாற்றத்தான். கடைசியில் சற்றுப் புளிப்பு குறைவாகத் தெரிந்தால், மீண்டும் பச்சைப் புளியை ஊற்றிக் கொதிக்கவிடுவதைவிட நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு எளிது.

புளிப்பும் உப்பும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் இயல்பால் இன்னொரு பயனும் உண்டு. நம் குழம்பின் 10 கிராம் உப்பை நான்கு பேர் ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கு 2.5 கிராம். பெரியவர்கள் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு குழம்பே அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. இரண்டாம் தவணை உப்பைப் போடும் முன் சில சொட்டு எலுமிச்சை விட்டு ருசி பார்த்தால், பல நேரங்களில் அந்தத் தவணையில் ஒரு பகுதி தேவைப்படாது.

உப்பு கரித்துவிட்டால்

மேலே 13.6 கிராம் உப்பு போட்டவரின் குழம்பை இப்போது மீட்கப் பார்ப்போம். 750 கிராமில் 1.8 பங்கு உப்பு இருக்கிறது. அதை 1.3 பங்குக்குக் கொண்டுவர மொத்தம் 1,050 கிராமாக வேண்டும். அதாவது ஆவியாகிப் போன 300 கிராமை முழுவதும் திரும்ப ஊற்ற வேண்டும். ஊற்றினால் உப்பு சரியாகும், ஆனால் குழம்பு நீர்த்துவிடும். புளிப்பும் காரமும் சேர்ந்தே இறங்கும். அதைக் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டால் உப்பு பழையபடி ஏறும்.

எனவே வெறும் நீரால் ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்து மசித்த துவரம்பருப்பையோ, அரைத்த தேங்காயையோ, வதக்கிய தக்காளியையோ சேர்த்து அளவைக் கூட்ட வேண்டும். அரிசி மாவைக் கரைத்து விட்டாலும் நீரோடு கெட்டியும் கிடைக்கும். அதன்பின் புளிப்பையும் காரத்தையும் புதிய அளவுக்கு ஏற்பச் சேர்க்க வேண்டும். இப்போது குழம்பு நான்கு பேருக்கு அல்ல, ஐந்தாறு பேருக்கு ஆகிவிட்டது. கூடுதல் குழம்பு வேண்டாமென்றால் திருத்தும் முன்பே மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் நீர்க்கச் செய்யலாம். எடுத்து வைத்ததை மறுநாள் உப்பில்லாமல் வேகவைத்த காயில் சேர்த்துக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பது வெகுவாகப் பரவிய நம்பிக்கை. உருளைக்கிழங்கு உறிஞ்சுவது உப்பை மட்டும் அல்ல, உப்பு கலந்த குழம்பை. துண்டுகளை வெளியே எடுத்துவிட்டால் எஞ்சிய குழம்பின் செறிவில் சொல்லும்படியான மாற்றம் இருக்காது. அளவு மட்டும் குறைந்திருக்கும். கிழங்கைச் சட்டியிலேயே விட்டு, குழம்போடு சேர்த்துச் சாப்பிட்டால் உதவும். அங்கே அது செய்வது உப்பில்லாத பொருளைக் கூட்டும் வேலைதான், பருப்பும் தேங்காயும் செய்வதைப் போல. மாவு உருண்டைக்கும் சோற்று உருண்டைக்கும் இதே விதி.

வெல்லமும் எலுமிச்சையும் கரிப்பை ஓரளவுக்கு மறைக்கும். 1.3 வேண்டிய இடத்தில் 1.4, 1.5 வந்துவிட்ட குழம்பை அவற்றால் காப்பாற்றலாம். 1.8-ஐக் காப்பாற்ற முடியாது. அதை மறைக்கும் அளவு வெல்லம் போட்டால் குழம்பு வேறு பதார்த்தமாகிவிடும். மறைத்தாலும் சோடியம் அத்தனையும் சாப்பிடுகிறவர் உடலுக்குள்தான் போகும். இரத்த அழுத்தம் உள்ளவருக்குப் பரிமாறும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நான்கு சுவைகளிலும் கூடினால் திரும்ப எடுக்க முடியாதது உப்புதான். காரத்தை எண்ணெயோடு வழித்து ஓரளவு எடுக்கலாம், தேங்காய்ப்பாலில் அடக்கலாம். புளிப்பை வெல்லத்தால் மழுக்கலாம். இனிப்பைப் புளிப்பால் நேராக்கலாம். உப்பை வெளியே எடுக்கும் பொருள் எதுவும் சமையலறையில் இல்லை. குறைந்த உப்பைச் சேர்க்கவோ அரை நிமிடம்கூடத் தேவையில்லை. அதனால் முதல் தவணையில் எப்போதும் கையைக் குறைத்தே போடுங்கள். குழம்பு பதத்துக்கு வந்தபின், ஆறவைத்த கிண்ணத்தில், சோற்றோடு பிசைந்து ருசி பார்த்துவிட்டு இரண்டாம் தவணையைச் சேர்த்து இறக்குங்கள்.